பலேர்மோ சந்தையில் பேரம் தராசில்தான்

இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவின் தலைநகரம் பலேர்மோ. அந்த நகரின் பழைய பகுதியான அல்பெர்கெரியாவில், கார்மினே தேவாலயத்தைச் சுற்றிய குறுகிய தெருக்களில் பல்லரோ சந்தை நடக்கிறது. கோடையில் அங்கே போகும் தமிழர்கள் ஒரு காய்க்கு முன்னால் கட்டாயம் நின்றுவிடுவார்கள். வெளிர்பச்சை நிறத்தில், ஒல்லியாக, ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்தக் காய் நம் சுரைக்காய்தான். அங்கே அதன் பெயர் குக்கூட்ஸா. பக்கத்திலேயே அதன் தளிரும் கொடிச்சுருளும் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். அதைத் தெனெரூமி என்கிறார்கள். பலேர்மோக்காரர்கள் அதைத் தக்காளியோடு வேகவைத்து, ஸ்பகெட்டியை ஒடித்துப் போட்டு, கோடை நாளிலும் சூப்பாகக் குடிப்பார்கள்.

காய் தெரிந்த காய்தான். ஆனால் எப்படி வாங்குவது? கடைக்காரர் உரத்த குரலில் ஏதோ கூவுகிறார். பலகையில் 1,50 என்று எழுதியிருக்கிறது. அது கிலோவுக்கா, கட்டுக்கா? நம் ஊர்ச் சந்தை போல விலையைக் குறைத்துக் கேட்கலாமா? கேட்டால் கோபித்துக்கொள்வாரா? ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தத் தயக்கத்திலேயே நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் வீடு எடுத்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் அதிகமாகிவிட்ட இந்தக் காலத்தில் அப்படித் திரும்புவது நஷ்டம்.

பலேர்மோவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பலர் அங்கே குடியேறி வாழ்கிறார்கள். நகரைப் பார்த்தபடி நிற்கும் பெல்லெக்ரீனோ மலையில் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவத் தமிழர்களோடு இந்துத் தமிழர்களும் நடந்தே ஏறிப்போய் வணங்குவது அந்த ஊருக்குப் பழகிப்போன காட்சி. பல்லரோவில் காய் பொறுக்கும்போது பின்னாலிருந்து தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அப்படிக் கேட்ட குரல் ஒன்றுதான் எனக்கும் அந்தச் சந்தையை விளங்கவைத்தது. அங்கேயே பல வருடம் வீட்டுவேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். "தம்பி, விலைப் பலகையோடை சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை. தராசைப் பாருங்கோ. காசு கூடுறதும் குறையிறதும் அதிலைதான்" என்றார். அது எவ்வளவு சரி என்பது நிதானமாகக் கணக்குப் பார்த்தால் தெரிகிறது.

முதலில் பலகையைப் படிப்பது. இத்தாலியில் விற்பனைக்கு வைத்த பொருளுக்கு விலை எழுதி வைப்பது சட்டப்படி கட்டாயம். 1998ஆம் ஆண்டின் வணிகச் சட்டம் தெருக்கடைகளுக்கும் பொருந்தும். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 1,50 என்றால் ஒன்றரை யூரோ. ஒன்று என்ற எண்ணை மேலிருந்து நீண்ட கோடு இழுத்து எழுதுவதால் நம் கண்ணுக்கு அது ஏழு போலத் தெரியும். அவர்களுடைய ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். குறுக்குக்கோடு இல்லையென்றால் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விலைக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருப்பதுதான் முக்கியம். கே, ஜி என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் கிலோ விலை. ஹெச், ஜி என்றிருந்தால் நூறு கிராம் விலை. இந்த நூறு கிராமுக்கு அவர்கள் வாயில் வழங்கும் சொல் 'எத்தோ'. ஒலிவக்காய், பாலாடைக்கட்டி, காயவைத்த தக்காளி, பிஸ்தா, கேப்பர் மொட்டு எல்லாமே எத்தோ கணக்கில்தான். 'இருநூறு கிராம் கொடுங்கள்' என்று அங்கே யாரும் சொல்வதில்லை. 'இரண்டு எத்தி' என்பார்கள். ஒன்றுக்கு எத்தோ, பலவற்றுக்கு எத்தி. வேறு சில பலகைகளில் பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'மெட்ஸோ கீலோ' என்றிருக்கும். அது அரைக் கிலோ விலை. செர்ரிப் பழம், காளான் போன்ற விலை கூடிய பொருள்களில் இப்படி எழுதுவது வழக்கம். மலிவு என்று நினைத்து ஒரு கிலோ வாங்கினால் இரு மடங்கு கொடுக்க வேண்டிவரும். கீரை, துளசி வகையறா கட்டுக் கணக்கு. கட்டு என்பது 'மாட்ஸோ'.

கூவி விற்பதை அந்த ஊரில் 'அப்பன்னியாதா' என்கிறார்கள். சிசிலி வட்டார மொழியில், ராகம் போட்டு, பக்கத்துக் கடைக்காரரை மிஞ்சும் குரலில் கூவுவார்கள். அதில் ஓர் எண் மட்டும் நம் காதில் விழும். அதை நம்பிப் பணத்தை எடுக்காமல் "அல் கீலோ?" என்று ஒரு சொல் கேளுங்கள். கிலோவுக்கா என்று அர்த்தம். பலகையே இல்லாத குவியலைக் காட்டிக் கேட்க வேண்டுமென்றால் "க்வாந்தோ வியேனே?" என்றால் போதும். இது எவ்வளவு ஆகும் என்ற கேள்வி. ஒருமைப் பொருளுக்கு வியேனே, தக்காளி போலப் பலவாக இருந்தால் "க்வாந்தோ வேங்கொனோ?" தவறாகச் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

உச்சரிப்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மொழியின் த ஒலி நம் த போலவே நாக்கு பல்லில் பட்டு வருவது. ஆங்கிலம் பேசுகிறவர்களைவிட நமக்கு அது எளிது. இரட்டித்து வரும் மெய்யை நாம் 'பத்து' என்பது போல அழுத்திச் சொல்ல வேண்டும். எத்தோ என்றால் நூறு கிராம், ஒத்தோ என்றால் எட்டு. முதல் எழுத்து தெளிவாக இல்லாவிட்டால் கேட்கிறவர் குழம்பிவிடுவார். மற்ற எண்கள்: ஊனோ, தூஎ, த்ரே, க்வாத்ரோ, ச்சிங்க்வே, ஸேய், ஸெத்தே, ஒத்தோ, நோவே, தியேச்சி. இதில் தூஎ, தியேச்சி என்பவற்றின் த மட்டும் 'பந்து' என்ற சொல்லில் வருவது போல மெல்லியது. கையால் காட்டுவதாக இருந்தால் கட்டைவிரல்தான் ஒன்று. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தால் இரண்டு. நாம் சுண்டுவிரலிலிருந்து எண்ணத் தொடங்கினால் கடைக்காரருக்குப் பிடிபடாது.

கடை முன்னால் வரிசை என்று கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இருக்காது. ஆனால் முறை உண்டு. வந்து நிற்பவர் "கி ஏ லூல்திமோ?" என்று கேட்பார். கடைசியாக வந்தவர் யார் என்று அர்த்தம். கையைத் தூக்குகிறவருக்கு அடுத்தது நீங்கள். உங்கள் முறையில் வேறொருவர் நுழைந்தால் "தோக்கா ஆ மே", என் முறை, என்று அமைதியாகச் சொல்லலாம். அதற்கு முன் "புவோன்ஜோர்னோ" என்ற வணக்கம் கட்டாயம். வணக்கம் சொல்லாமல் விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் இங்கே எழுதுகிற வாக்கியங்கள் எல்லாம் 'நீங்கள்' என்று மரியாதையாகப் பேசும் வடிவத்தில்தான் இருக்கின்றன. கடைக்காரர் உங்களை ஒருமையில் அழைத்து, செல்லமாக 'ஜோயா' என்றுகூடச் சொல்லக்கூடும். அது அந்தச் சந்தையின் நெருக்கம்.

காயைத் தொட்டுப் பார்த்துப் பொறுக்குவது நம் பழக்கம். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. அங்கே பெரும்பாலான கடைகளில் கடைக்காரர்தான் எடுத்துப் போடுவார். கேட்காமல் கை வைத்தால் அதட்டல் விழும். "பொஸ்ஸோ ஷேல்யெரே யோ?" நானே பொறுக்கலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால் ஒரு பையை நீட்டுவார். சம்மதிக்காவிட்டால் எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இன்றைக்கு என்றால் "பெர் ஒஜ்ஜி", நாளைக்கு என்றால் "பெர் தொமானி". அதற்கேற்பப் பழுத்ததையோ சற்றுக் காயானதையோ எடுத்துத் தருவார். தக்காளியாக இருந்தால் சாலடுக்கா, குழம்புக்கா என்று அவரே கேட்பதும் உண்டு. முன்வரிசையில் பளபளப்பாக அடுக்கி வைத்துவிட்டு, பின்னாலிருந்து நசுங்கியதை அள்ளிப் போடுகிற கடைகளும் இருக்கின்றன. பைக்குள் போகும்போது கையைக் கவனித்தால் போதும். பிடிக்காத ஒன்றைக் காட்டி "க்வேஸ்தோ நோ", இது வேண்டாம், என்று சொன்னால் மாற்றிவிடுவார்.

இனி அக்கா சொன்ன தராசுக்கு வருவோம். நீங்கள் "மி தா உன் கீலோ தி பொமொதோரி", ஒரு கிலோ தக்காளி கொடுங்கள் என்கிறீர்கள். கடைக்காரர் அள்ளிப் போடுகிறார். எண்கள் ஓடி 1.180 கிலோவில் நிற்கின்றன. அவர் உங்களைப் பார்த்து "லாஷோ?" என்கிறார். அப்படியே விடட்டுமா என்று கேட்கிறார். இத்தாலி முழுவதும், சந்தையிலும் மளிகைக் கடையிலும் பெரிய அங்காடியின் பாலாடைக்கட்டிப் பிரிவிலும் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை கேட்கும் கேள்வி இதுதான். சம்மதம் என்றால் "லாஷி". வேண்டாம் என்றால் "நே தோல்கா ஊனோ", ஒன்றை எடுத்துவிடுங்கள். "பேசாமல் நிண்டால் ஓம் எண்டுதான் எடுப்பினம் தம்பி. கேக்கேக்கை வாயைத் திறந்து சொல்லவேணும்" என்று அக்கா அழுத்திச் சொன்னது இதைத்தான். அது ஏமாற்று இல்லை. கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். கேள்வி புரியாமல் தலையாட்டுகிறவர் கூடுதலாகக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

தராசில் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் 441ஆம் எண் சட்டப்படி இத்தாலியில் பொருளை நிகர எடைக்குத்தான் விற்க வேண்டும். காகிதம், பிளாஸ்டிக் கிண்ணம், தட்டு ஆகியவற்றின் எடையைக் கழித்துவிட வேண்டும். கழிக்கும் அந்த எடைக்குத் 'தாரா' என்று பெயர். கிண்ணத்தை வைத்த பிறகு எண் பூஜ்யத்துக்கு வந்து, அதன் பின் ஒலிவக்காய் விழுந்தால் சரி. கிண்ணத்தோடு சேர்த்தே எண் ஏறினால் "லா தாரா?" என்று கேட்டாலே புரிந்துகொள்வார். எடைகாட்டும் பலகை வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். தட்டுக்குப் பின்னால் பெட்டி அடுக்கி அதை மறைத்திருக்கும் கடையில் எத்தோ கணக்கில் எதையும் வாங்காதீர்கள். மீன் கடையில் வேறு நியாயம். பொதுவாக முழு மீனை நிறுத்து விலை சொல்லிவிட்டுத்தான் செதிலும் குடலும் எடுப்பார்கள். அரைக் கிலோ மத்தி மீன் வாங்கினால் வீட்டுக்கு வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சுத்தம் செய்து தரச் சொல்ல "மெ லே புலீஷே?" என்று கேட்க வேண்டும்.

ஒரு காலைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொண்டவை. தக்காளி கிலோ 2 யூரோ. ஒரு கிலோ கேட்டோம், 1.180 வந்தது, "லாஷி" என்றோம். 2.36 ஆயிற்று. தெனெரூமி கட்டு 1 யூரோ வீதம் இரண்டு கட்டு, 2 யூரோ. நடுத்தரமான ஒரு குக்கூட்ஸா 1.50. "ஆல்த்ரோ?" வேறு ஏதாவது, என்கிறார். "பாஸ்தா கொஸீ", இது போதும், என்கிறோம். "க்வாந்தே?" மொத்தம் எவ்வளவு? 5.86 யூரோ.

பேரம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தக்காளி கிலோ 2 யூரோ என்று எழுதியிருக்கும்போது 'ஒன்றரைக்குக் கொடு' என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. எழுதிய விலை எல்லோருக்கும் எழுதிய விலை. அண்டை வீட்டுப் பாட்டியும் அதே விலைதான் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் மொத்தத் தொகையை உருட்டிக் கேட்கலாம். "ஃபாச்சாமோ ச்சிங்க்வே ஏ ச்சிங்க்வாந்தா?" ஐந்தரை என்று வைத்துக்கொள்வோமா? பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார். பல சமயம் நாம் கேட்கும் முன் அவரே குறைத்துச் சொல்லிவிடுவார். இப்படி முழுத் தொகையாக்குவதை 'ச்சீஃப்ரா தோந்தா' என்கிறார்கள். 36 சென்ட் மிச்சம்.

அடுத்தபடி கொசுறு. காய்க்கடையில் கறிவேப்பிலை, கொத்தமல்லி கேட்டு வாங்குகிற நமக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இத்தாலியக் காய்க்கடைக்காரர்களும் வாங்கியவருக்கு ஒரு பிடி பார்ஸ்லி, ஒரு செலரித் தண்டு, சிலர் ஒரு கேரட்டும் சேர்த்து இலவசமாகப் பையில் போடுவார்கள். குழம்புக்கு மணம் சேர்க்கும் இந்தப் பொருள்களுக்கு 'ஒதோரி' என்று பெயர். "மி மெத்தே உன் போ தி ப்ரெட்ஸேமொலோ?" கொஞ்சம் பார்ஸ்லி போடுகிறீர்களா? ஐந்தாறு யூரோவுக்கு வாங்கிய பிறகு கேட்டால் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவிட்டுக் கேட்பது அழகில்லை.

ஆகக் காய்க்கடையில் 36 சென்டும் ஒரு பிடி பார்ஸ்லியும் லாபம். அந்த மகிழ்ச்சியோடு பக்கத்து ஒலிவக்காய்க் கடைக்குப் போகிறோம். எத்தோ 1.20 என்று எழுதியிருக்கிறது. "தூஎ எத்தி" என்று இருநூறு கிராம் கேட்கிறோம். அவர் கரண்டியால் அள்ளிப் போடுகிறார், 260 கிராமில் நிற்கிறது. "லாஷோ?" யோசிக்காமல் தலையாட்டுகிறோம். 2.40 கொடுக்க வேண்டிய இடத்தில் 3.12 ஆகிவிட்டது. கூடுதல் 72 சென்ட். காய்க்கடையில் பேசிக் குறைத்ததைப் போல இரண்டு பங்கு, ஒரு தலையசைப்பில் போயிற்று. ஒலிவக்காய் மட்டும் என்றால் சில்லறை விஷயம். முற்றிய பெக்கொரீனோ பாலாடைக்கட்டியிலும் பிஸ்தாவிலும் அறுபது கிராம் கூடினால் தொகை கணிசமாக ஏறும். அதனால் விலை கூடிய பொருளுக்கு நான் தேவையைவிடக் குறைத்துக் கேட்கிறேன். இரண்டு எத்தி வேண்டுமென்றால் "உன் எத்தோ ஏ மெட்ஸோ", ஒன்றரை எத்தோ என்கிறேன். தராசு தானாக இரண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

பணத்தைச் சொல்லி எடை கேட்பது இன்னும் பத்திரமான வழி. "த்ரே எவ்ரோ தி ஒலீவே", மூன்று யூரோவுக்கு ஒலிவக்காய். பத்து ரூபாய்க்குப் பச்சை மிளகாய் என்று வாங்கும் நம் பாட்டிமார் முறையேதான். அங்கேயும் செல்லுபடியாகிறது.

விலையையே குறைத்துக் கேட்கத் தகுந்த வேளையும் உண்டு. மதியம் கடை கட்டும் நேரத்தில் பெட்டியின் அடியில் கொஞ்சம் பீச் பழமோ அத்திப்பழமோ மிஞ்சியிருக்கும். "ஸே ப்ரேந்தோ தூத்தோ, க்வாந்தோ மி ஃபா?" எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள்? மறுநாள் வரை தாங்காத பழத்துக்கு நல்ல விலை கிடைக்கும். காலை ஒன்பது மணிக்கு இதே கேள்வியைக் கேட்டால் பதில் வராது.

நம் ஊர்ப் பாணியில் முழுப் பேரம் பேச வேண்டுமானால் கதீட்ரலுக்கு அருகே பெரான்னி சதுக்கத்தில் உள்ள பழம்பொருள் சந்தைக்குப் போக வேண்டும். பழைய ஓடு, பித்தளை விளக்கு, நாற்காலி, படச்சட்டம் விற்கும் கடைகள். அங்கே சொல்லும் விலை பேச்சைத் தொடங்குவதற்கான விலை. கையால் வண்ணம் தீட்டிய மயோலிகா ஓடு ஒன்றைக் காட்டிக் கேட்கிறீர்கள். "த்ரேந்தா", முப்பது என்கிறார். "ஏ உன் போ காரோ", கொஞ்சம் அதிகம் என்றுவிட்டு நிறுத்துங்கள். பொருளைக் குறை சொல்லிப் பேரம் பேசுவது எங்கேயும் போல அங்கேயும் எரிச்சலூட்டும். விலையைத்தான் குறை சொல்ல வேண்டும். "மி ஃபா ஊனோ ஸ்கோந்தோ?" தள்ளுபடி உண்டா? இருபத்தெட்டு என்பார். "வேந்தி", இருபது, என்கிறீர்கள். தலையை மேலும் கீழும் அசைக்காமல் பின்னால் சாய்த்து நாக்கால் ஒரு சப்தம் செய்தால் முடியாது என்று பொருள். சிசிலியில் 'இல்லை' சொல்வதற்கு அதுதான் சைகை. அப்போது "வேந்திச்சிங்க்வே ஏ லோ ப்ரேந்தோ", இருபத்தைந்து என்றால் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடைசி வாக்கியம் வாக்குக் கொடுப்பது. அவர் சரி என்றபின் வேண்டாம் என்று நடப்பது அங்கே பெரிய அவமரியாதை. மனம் இல்லையென்றால் அதற்கு முன்பே "ச்சி பேன்ஸோ", யோசிக்கிறேன், என்று நகர்ந்துவிடுங்கள். திரும்பக் கூப்பிட்டால் அவர் விலை இறங்குகிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டுக் கடைகளில் நிலைமை வேறு. பொரித்த கடலைமாவு வில்லையை ரொட்டிக்குள் வைத்த பனெல்லே போன்ற எளிய பண்டங்களின் விலை எழுதியிருக்கும். கடல் உணவைக் கண்முன் பொரித்துத் தட்டில் தரும் இடங்களில் மட்டும் எண்ணெயில் போடும் முன்பே "க்வாந்தோ வியேனே இல் பியாத்தோ?" தட்டு எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் வயிறெரிந்து எழுந்து போவது அங்கேதான். ரெனாத்தோ குத்தூஸோ 1974இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்த்துவிட்டு வூச்சிரியா சந்தையைத் தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஓவியத்தில் உள்ள காய்கறிச் சந்தை இன்று பெரும்பாலும் இரவு மதுக்கடைகளாக மாறிவிட்டது. வாங்கிச் சமைக்க பல்லரோவும் காப்போவும்தான்.

பணம் கொடுப்பதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். 2022 ஜூன் 30 முதல், அட்டை வாங்க மறுக்கும் வணிகருக்கு 30 யூரோவும் விற்பனைத் தொகையில் 4 விழுக்காடும் அபராதம் என்று இத்தாலி சட்டம் கொண்டுவந்தது. "பொஸ்ஸோ பகாரே கோன் லா கார்த்தா?" என்று தாராளமாகக் கேட்கலாம். என்றாலும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்ற பதிலைத் தெருக்கடையில் எதிர்பார்த்தே போக வேண்டும். இரண்டு யூரோக் கீரைக்காகச் சட்டம் பேசுவதில் பயனில்லை. ரொக்கம் என்பது 'கொந்தாந்தி'. ஐம்பது யூரோ நோட்டைக் காலையில் நீட்டினால் "ஆ ஸ்பிச்சொலி?" சில்லறை இருக்கிறதா என்ற கேள்விதான் முதலில் வரும். ஐந்தும் பத்துமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைக் கொடுக்கும்போது அதன் மதிப்பை வாயால் சொல்லிக் கொடுப்பது நல்ல பழக்கம். இருபது என்றால் "வேந்தி" என்று சொல்லி நீட்டினால், பிறகு பத்துதான் கொடுத்தீர்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. மீதிச் சில்லறைக்கு 'ரெஸ்தோ' என்று பெயர்.

இத்தாலி 2018 முதல் 1, 2 சென்ட் நாணயம் அடிப்பதை நிறுத்திவிட்டது. ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத்தை அருகிலுள்ள ஐந்தின் மடங்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டமே இடம் தருகிறது. நம் ஒலிவக்காய்க் கடையின் 3.12 இப்படி 3.10 ஆகும். 5.86 என்றால் 5.85. ரசீதுக்கு "மி ஃபா லோ ஸ்கொந்த்ரீனோ?" என்று கேட்க வேண்டும். கைப்பை, காலணி விற்கும் இடங்களில் பெரிய நிறுவனங்களின் போலி முத்திரை போட்ட பொருளை மலிவாக நீட்டினால் விலகிவிடுங்கள். இத்தாலியில் போலிப் பொருளை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் போட முடியும்.

பலேர்மோவுக்குப் போகிறவர்கள் எத்தோ, லாஷோ, பாஸ்தா கொஸீ என்ற மூன்றையும் விமானத்தில் உட்கார்ந்தே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் காலை எட்டரைக்குள் பல்லரோவில் இருங்கள். வெயில் ஏறினால் தெனெரூமித் தளிர் வாடிவிடும்.